கலசம் போலி, ஏமாற்று உண்மை: கிழக்கு மாகாணப் பொலிஸ் உயர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தில் பொலிஸ் முறைப்பாடுகளை மேற்பார்வை செய்யும் உயர் அதிகாரிகளுக்கு,

என் தங்கையின் கணவர் ஒரு மோசடிக் கும்பலிடம் 13 இலட்சம் ரூபாவைப் பறிகொடுத்தார். அதை முறையிடப் போன பொலிஸ் நிலையத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பதில், "புராதனப் பொருள் விற்கப் போனதுக்கு முதலில் உம்மைத்தான் உள்ளே போடவேணும்" என்பதாகும். பிறகு அவருடைய முறைப்பாடு சிறு முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, "கொடுக்கல் வாங்கல் பிணக்கு" என்று அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. இப்போது, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் சிவில் வழக்குப் போடலாம், பொலிசுக்கு இதில் வேலை இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்கு அனுப்பிய பதிவுத் தபாலில் அது இருக்கிறது. இந்த முடிவு ஏன் பிழையானது என்பதை உங்களுக்கும், இதே வலையில் விழுந்து வாய் திறக்க அஞ்சும் திருகோணமலைக் குடும்பங்களுக்கும் தெரியும்படி எழுதவே இந்த மடல்.

என் மைத்துனர் கடற்றொழிலாளி. சுவாமி மலைக்குக் கீழே உள்ள கடலில் வலை போடும் ஒருவருக்குப் பழைய கோணேசர் கோயிலின் கோபுரக் கலசம் ஒன்று அகப்பட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு அவருக்கு அறிமுகமான ஒருவர் வந்தார். அந்தக் கலசத்தில் இடி விழுந்து, செம்புக்குள் இரிடியம் என்ற உலோகம் உண்டாகிவிட்டது, அதனால் அது அரிசியை இழுக்கிறது, இதைத்தான் "ரைஸ் புல்லர்" என்பார்கள், லண்டனில் ஒரு கம்பனி 300 கோடி ரூபா கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பது கதை. கலசத்தை வாங்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். "சாமான் எங்களிடம் இருக்கிறது, பையரும் இருக்கிறார், செக்கிங்குக்கு மட்டும் காசு இல்லை, அதைப் போடுகிறவருக்கு விற்ற பணத்தில் பத்திலொரு பங்கு" என்றுதான் கேட்டார்கள். பொருளை விற்பவன் மீது எவருக்கும் சந்தேகம் வரும். ஆனால் இங்கே வந்தவன் பங்காளியாக வந்தான்.

இந்தக் கதை வேறு ஊரில் இவ்வளவு எளிதாக எடுபட்டிருக்காது. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்ததும், அதன் கற்களில் கோட்டை எழுந்ததும், தூண்களும் சிற்பங்களும் மலையடிக் கடலில் கிடப்பதும் எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். 1950 இல் கோட்டைப் பக்கத்தில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1956 இல் சுழியோடிகளான ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயிலின் சிதைவுகளைக் கடலுக்கடியில் கண்டார்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் நகைகளையும் விக்கிரகங்களையும் மண்ணில் புதைத்துவிட்டுப் போன கதைகள் இன்னும் பல வீடுகளில் பேசப்படுகின்றன. கடலிலிருந்து ஒரு கலசம் கிடைத்தது என்று சொன்னால் நம்புவதற்கு எங்களுக்குக் காரணம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆகவே "படித்த ஊரில் இப்படியும் ஏமாறுவார்களா" என்று அந்த நிலையத்தில் கேட்கப்பட்ட கேள்வி, ஏமாற்றின் கெட்டித்தனத்தைப் பார்க்க மறுக்கும் கேள்வி.

சோதனை நிலாவெளிப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் நடந்தது. இந்தியாவிலிருந்து வந்த "கெமிஸ்ட்" என்று ஒருவர் அறிமுகம் செய்யப்பட்டார். தொலைபேசித் திரையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் லண்டன் கம்பனியின் ஆளாகத் தோன்றினார். கறுப்புத் துணி விரித்த மேசையில் கலசத்தை வைத்து, ஒரு அங்குலத் தூரத்தில் அரிசி மணிகளைப் பரப்பினார்கள். மணிகள் ஒவ்வொன்றாகத் துள்ளிப் போய்க் கலசத்தின் அடியில் ஒட்டிக்கொண்டன. என் மைத்துனர் அதைக் கண்ணால் கண்டார். பிறகு அவர் எதையும் சந்தேகிக்கவில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அரிசி என்பது மாப்பொருளும் சிறிதளவு நீரும். அதைக் காந்தம் இழுக்காது. மிக நுட்பமாக அளந்தால் காந்தம் அதைச் சற்றே தள்ளத்தான் செய்யும். இரிடியமும் காந்தமல்ல, அரிசியை இழுக்க அதனிடம் எந்த விசையும் இல்லை. மின்னல் தாக்கினால் செம்பு உருகலாம், கருகலாம், ஆனால் ஓர் உலோகத்தை இன்னோர் உலோகமாக மாற்ற மின்னலால் முடியாது. அப்படியென்றால் அந்த மணிகள் எப்படித் துள்ளின என்ற கேள்விக்கு விடை, சோதனைக்கு மறுநாள் என் தங்கை தன் கணவரின் சட்டைப் பையைக் கழுவப் போகையில் எடுத்த சில மணிகளில் இருந்தது. அவை கையோடு வந்தவை. அவள் அவற்றைக் கடதாசியில் மடித்து வைத்திருந்தாள். நான் ஒரு சாதாரணக் காந்தத்தை அருகே கொண்டுபோனதும் அவை காந்தத்தில் ஒட்டின. உப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் துருநிறமாக இருந்தது, மணிகளின் மேலே பசையோடு பூசியிருந்த மென்மையான இரும்புத் தூள் உரிந்து அடியில் படிந்திருந்தது. அவர்கள் ஏன் தங்கள் அரிசியையே கொண்டுவந்தார்கள், வீட்டு அரிசி "ஈரம் பட்டது, சரிவராது" என்று ஏன் ஒதுக்கினார்கள் என்பது அப்போது விளங்கியது. இதைச் சோதிக்க விஞ்ஞான ஆசிரியர் தேவையில்லை. தன் வீட்டுப் பானையிலிருந்து எடுத்த ஒரு பிடி அரிசியைக் கலசத்தின் முன் போட்டால், முழு நாடகமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பணம் மூன்று தடவையாகப் போனது. சோதனைக் கட்டணம் என்று ஒன்றரை இலட்சம் ஒரு வங்கிக் கணக்குக்கு வைப்பிலிடப்பட்டது. கலசத்திலிருந்து கதிர்வீச்சு வருகிறது, அடுத்த சோதனைக்கு விசேட உடையும் இரசாயனமும் வேண்டும் என்று நான்கு இலட்சம், வேறு ஒருவரின் பெயரில் உள்ள இன்னொரு கணக்குக்குப் போனது. இதற்காக அவர் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்றார். கடைசியாக, லண்டன் பணம் நாட்டுக்குள் இறங்க மத்திய வங்கியின் அனுமதிக் கட்டணம் என்று இலச்சினை போட்ட ஒரு கடிதத்தைக் காட்டி ஏழரை இலட்சம் கேட்டார்கள். இதைக் காசாகவே கொண்டுவர வேண்டும் என்றார்கள். என் தங்கையின் தாலிக்கொடி தவிர்ந்த மற்ற நகைகள் அடகுக்குப் போயின.

அந்த ஏழரை இலட்சத்தைக் கொடுத்துச் சில நிமிடங்களுக்குள் சிவில் உடையில் நாலைந்து பேர் அந்த வீட்டுக்குள் பாய்ந்தார்கள். தாங்கள் பொலிஸ் என்றார்கள். கெமிஸ்ட்டின் கையில் விலங்கு போட்டார்கள், மேசையிலிருந்த காசைச் சான்றுப் பொருள் என்று எடுத்தார்கள். என் மைத்துனரிடம், "தொல்பொருள் வழக்கு, பிணை கிடையாது, குடும்பக்காரன் எண்டு பார்க்கிறம், பேசாமல் வீட்டுக்குப் போ" என்றார்கள். அவர் அடுத்த சில வாரங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை.

உயர் அதிகாரிகளே, இந்த மோசடியின் மிகவும் திறமையான பகுதி அரிசியல்ல, இந்தப் பொய்ச் சுற்றிவளைப்புத்தான். காசைப் பறிப்பதோடு வேலை முடிவதில்லை. பறிகொடுத்தவன் தன்னைக் குற்றவாளி என்று நம்பும்படி செய்தால்தான் அவன் உங்களிடம் வரமாட்டான். சட்டத்தின் மீதுள்ள பயத்தையே அவர்கள் பூட்டாகப் போடுகிறார்கள். என் மைத்துனர் அந்தப் பயத்தை மீறி, என்னுடைய வற்புறுத்தலில், உண்மையான பொலிஸ் நிலையத்தின் படியேறினார். அங்கே இருந்த அதிகாரி, போலிப் பொலிஸ் சொன்ன அதே வசனத்தை அவரிடம் திரும்பச் சொன்னார். அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்: கும்பல் போட்ட பூட்டு அன்று பொலிஸ் நிலையத்தில் இறுகியது.

அந்தச் சுற்றிவளைப்புப் பொய் என்பதற்கு ஓர் எளிய சான்று உண்டு. 300 கோடி பெறுமதியான கலசம் அன்று அந்த வீட்டில் இருக்கவில்லை. நம்பிக்கைக்காக என்று சொல்லி, ஈயத் தகடு சுற்றிய ஒரு பெட்டியில் பூட்டி, அது என் மைத்துனரின் வீட்டிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஒரு மண்டலத்துக்குத் திறக்கக்கூடாது, திறந்தால் கதிர்வீச்சில் குடும்பமே அழியும் என்று சொல்லியிருந்தார்கள். தொல்பொருளைப் பிடிக்க வந்தவர்கள் அந்தத் தொல்பொருள் எங்கே என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இதை நாங்கள் நிலையத்தில் சொன்னோம். பதிவில் இது எழுதப்படவில்லை.

பெட்டியைக் கிராம உத்தியோகத்தரும் ஆலய பரிபாலன சபை உறுப்பினர் ஒருவரும் பார்த்திருக்க நான் திறந்தேன். ஒவ்வொரு கட்டமும் படமெடுக்கப்பட்டுள்ளது. கதிர்வீச்சுக்கு நான் அஞ்சவில்லை, ஏனென்றால் இயற்கையில் உள்ள இரிடியம் கதிர்வீச்சுடையதல்ல. அணு உலையில் உண்டாக்கப்பட்டு, பற்றவைப்பு வேலைகளைச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192 என்ற வகைக்குத்தான் அது உண்டு, அதுவும் ஏறத்தாழ 74 நாட்களுக்கொரு தடவை பாதியாகிக்கொண்டே போகும். நானூறு ஆண்டுகள் கடலில் கிடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றில் அதன் தடயமே இருக்க முடியாது. உள்ளே இருந்தது கடைகளில் விற்கும் வகையான ஒரு கலசம், அமிலம் பூசிக் கறுப்பாக்கப்பட்டது. அதன் அடியில் பிசினால் ஒட்டிய, நாணயம் அளவான வலுவான காந்தங்கள் இருந்தன. நானூறு ஆண்டு கடலில் கிடந்த செம்பில் சிப்பிப் படிவும் பச்சைக் களிம்பும் உட்புறத்திலும் ஏறியிருக்கும். இதன் உட்புறம் பளபளத்தது.

காந்தங்களைக் கழற்றிவிட்டு அதை நிறுத்தேன்: 1,300 கிராம். விளிம்பு வரை நிறைந்த நீர்ப் பாத்திரத்தில், உள்ளே காற்று தங்காதபடி முழுதாக அமிழ்த்தியபோது வழிந்த நீர் 150 மில்லிலீற்றர். ஆகவே அதன் உலோகம் நீரைவிட ஏறத்தாழ 8.7 மடங்கு பாரமானது. பித்தளையும் செம்பும் இந்த அளவில்தான் இருக்கும். இரிடியம் நீரைவிட 22.5 மடங்குக்கு மேல் பாரமானது. அதே கலசம் முழுவதும் இரிடியமாக இருந்திருந்தால் அது மூன்று கிலோவைத் தாண்டி, 3,375 கிராம் அளவுக்கு நிறுத்திருக்கும். ஒரு வாதத்துக்கு அப்படியே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், கிராமுக்கு 150 அமெரிக்க டொலர், டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டால், பெறுமதி 15 கோடி ரூபா அளவில்தான் நிற்கும். 300 கோடி கொடுக்கும் கம்பனி உலகில் எங்கும் இருக்க முடியாது. இதே வித்தை வேறு நாடுகளிலும் பிடிபட்டிருக்கிறது. 2018 இல் டெல்லிப் பொலிசார், நாசா நிறுவனம் ரைஸ் புல்லரை வாங்கப்போகிறது என்று சொல்லி ஒரு வணிகரிடம் ஒரு கோடிக்கு மேல் பறித்த தந்தையையும் மகனையும் கைது செய்தார்கள். அங்கே ஏமாந்தவரின் முறைப்பாடு ஏற்கப்பட்டதால்தான் அது நடந்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றை, அல்லது அப்படி நியாயமாக நம்பக்கூடியவற்றைத்தான் தொல்பொருள் என்கிறது. அமிலம் பூசிய ஒரு புதுக் கலசம் அந்த வரையறைக்குள் வராது. அதை உறுதிப்படுத்தத் தொல்பொருள் திணைக்கள அலுவலர் ஒருவர் ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், ஆனால் அப்படிப் பார்க்கும்படி எவரும் கேட்கப்படவில்லை. என் மைத்துனர் அதைப் பழைய கோயிற் பொருள் என்று நம்பித்தான் பங்கு கேட்டார் என்பதை நான் மறைக்கவில்லை. உண்மையான கோயிற் கலசம் என்றால் அது வெளிநாட்டுக்குப் போகவே கூடாது என்று நான் அவரிடம் கோபமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவருடைய ஆசை எப்படிப்பட்டதானாலும், அவரிடம் செய்யப்பட்ட குற்றம் அதனால் அழிந்துபோகாது. பொய்யை நம்பவைத்துப் பணத்தைக் கையளிக்கச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 398 ஆம், 403 ஆம் பிரிவுகளின் கீழ் ஏமாற்றுதல் என்ற குற்றம். பொலிஸ் என்று நடித்தது இன்னொரு குற்றம். மத்திய வங்கியின் இலச்சினையைப் பொய்யாகப் போட்ட கடிதம் மூன்றாவது. இவற்றில் எதுவும் கொடுக்கல் வாங்கல் பிணக்கு அல்ல. பிணக்கு என்பதற்கு இரண்டு பக்கத்திலும் பெயரும் முகவரியும் உள்ள ஆட்கள் வேண்டும். பேசித் தீர்க்கச் சொல்கிறீர்கள், யாரோடு பேசுவது?

பெயர்கள் இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்தரை இலட்சம் ரூபா போன இரண்டு வங்கிக் கணக்குகளின் வைப்புச் சீட்டுகள் எங்களிடம் உள்ளன. அந்தக் கணக்குகள் யாருடையவை, பணம் எங்கே எடுக்கப்பட்டது என்பதை வங்கி எங்களுக்குச் சொல்லாது, சொல்லவும் கூடாது. பொலிஸ் நீதவானிடம் அறிக்கை சமர்ப்பித்துக் கட்டளை பெற்றால் சொல்லும். முறைப்பாட்டைச் சிறு முறைப்பாட்டுப் பிரிவில் வைத்திருக்கும்வரை அந்த அறிக்கை எழுதப்படாது, அந்தக் கணக்குகள் அடுத்த குடும்பத்தின் பணத்தைப் பெற்றுக்கொண்டிருக்கும். என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோரில், மூதூரிலும் குச்சவெளியிலும் இருப்பவர்கள், இதே மாதிரியான கதையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது கலசம், இன்னொருவருக்கு அம்மன் சிலை, மற்றொருவருக்கு வலம்புரிச் சங்கு. எவரும் முறையிடவில்லை. என் மைத்துனருக்கு நடந்ததைக் கேட்டபின் இனியும் முறையிடப் போவதில்லை என்கிறார்கள்.

ஆகவே பின்வருவனவற்றை உங்களிடம் கேட்கிறேன்.

என் மைத்துனரின் முறைப்பாடு குற்றப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, ஏமாற்றுதல் குற்றமாக மீண்டும் பதியப்பட வேண்டும். அவருடைய வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, பிரதி அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். தமிழ் இந்த மாகாணத்தின் நிருவாக மொழி, இதை நாங்கள் சலுகையாகக் கேட்கவில்லை. இரண்டு வங்கிக் கணக்குகள் பற்றியும், அந்த வாடகை வீட்டை எடுத்தவர் பற்றியும், அழைப்பு வந்த தொலைபேசி இலக்கங்கள் பற்றியும் தாமதமின்றி நீதவானுக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், ஏனென்றால் கணக்கிலுள்ள பணம் காத்திருக்காது. கலசத்தையும் காந்தங்களையும் மிஞ்சியிருக்கும் அரிசி மணிகளையும் சான்றுப் பொருளாகப் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். அவை இன்றும் என் வீட்டில் முத்திரையிட்ட உறையில் இருக்கின்றன. அவற்றின் வயது பற்றித் தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்துமூலக் கருத்தைப் பொலிசே பெற்றுக் கோவையில் சேர்க்க வேண்டும்.

மாவட்டத்தின் எல்லாப் பொலிஸ் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ரைஸ் புல்லர், இரிடியம் கலசம், பழைய சிலை என்று பணம் பறிகொடுத்து வருபவரிடம் முதலில் ஏமாற்று முறைப்பாட்டைப் பதிய வேண்டும் என்றும், பொருள் உண்மையான தொல்பொருள் என்று திணைக்களம் சொல்லும் வரை அவரைத் தொல்பொருள் வழக்கைச் சொல்லி அச்சுறுத்தக்கூடாது என்றும் அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் அடகு பிடிக்கும் நிலையங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். அடகு நிலையத்தை நான் குறிப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம், இந்த மோசடியில் கடைசித் தவணைப் பணம் பெரும்பாலும் பெண்களின் நகையிலிருந்து வருகிறது, அந்த முகப்பில் நிற்கும்போது அந்த அறிவித்தலைப் படித்தால் ஒருவராவது திரும்பிப் போவார்.

2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணையின் முன்னேற்றத்தை அறியும் உரிமையைத் தருகிறது. அதன்படி, இந்த முறைப்பாட்டின் நிலை என்ன, முடிவை எடுத்தவர் யார், எந்தக் காரணத்தால் என்பவற்றை, முகவரி தரப்பட்டிருக்கும் என் மைத்துனருக்கு எழுத்தில் அறிவியுங்கள். இந்த மடல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அந்தப் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் நாங்கள் நேரில் கையளிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.